மூன்று இடங்களில் கூர்மையாக்கப்பட்ட படம்: பழைய ஆர்.எக்ஸ். 580 கார்டில் அப்ஸ்கேலிங் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் தன் கணினியுடன் வந்தார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் அவருடைய அப்பாவும் கூட வந்திருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்ததுமே அப்பா சொன்னார்: “தம்பி, புது கார்டு வாங்க வேண்டும் என்கிறான். வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.”

உள்ளே இருந்தது ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜி.பி. நினைவகம் கொண்டது. 2017 ஏப்ரலில் வெளிவந்த மாடல். மாணவர் அதைப் பழைய சரக்காக வாங்கியிருந்தார். பிராசசர் 2013 காலத்து நான்கு கோர் ஐ5. இயங்குதளம் லினக்ஸ், விளையாட்டுகளை ஸ்டீம் வழியாக ஓட்டுகிறார். இத்தனை நாளும் 1920×1080 மானிட்டரில் ஓரளவு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கணினி அது. பிப்ரவரியில் அந்த மானிட்டர் பழுதாகிவிட, அதற்குப் பதிலாக 27 அங்குல, 2560×1440 மானிட்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 1080-இல் ஏறத்தாழ 20 லட்சம் பிக்சல்கள். 1440-இல் ஏறத்தாழ 37 லட்சம். அதே கார்டு ஒவ்வொரு பிரேமுக்கும் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாக வரைந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு வழி அப்ஸ்கேலிங்: விளையாட்டைச் சிறிய அளவில் வரைந்து, பிறகு திரையின் அளவுக்குப் பெரிதாக்குவது. இந்தக் கார்டில் செயற்கை நுண்ணறிவுக் கணக்கீட்டுக்கென்று தனி வன்பொருள் கிடையாது. ஆகவே டென்சர் கோர் போன்ற அத்தகைய வன்பொருளைக் கேட்கும் அப்ஸ்கேலிங் முறைகள் இதற்குப் பொருந்தா. ஏ.எம்.டி.யின் டிரைவரிலேயே வரும் ஆர்.எஸ்.ஆர். என்ற வசதியும் ஆர்.எக்ஸ். 5000 வரிசை முதல்தான் கிடைக்கிறது. மிஞ்சுவது, எந்த நிறுவனத்தின் கார்டிலும் ஓடக்கூடிய திறந்த மூல முறைகள். அவற்றில் இங்கே பயன்பட்டவை இரண்டு. 2021 ஜூனில் வந்த ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். 1 ஒன்று; அதே ஆண்டு நவம்பரில் என்விடியா நிரலை வெளியிட்ட என்.ஐ.எஸ். மற்றொன்று. இரண்டுமே ஒரே ஒரு பிரேமை மட்டும் பார்த்து அதைப் பெரிதாக்குகின்றன. முந்தைய பிரேமிலிருந்து எதையும் எடுப்பதில்லை. எந்தக் கார்டும் செய்யும் சாதாரண ஷேடர் கணக்கே போதும் என்பதால் பழைய கார்டுகளிலும் ஓடும்.

மாணவருக்கு இது முன்பே தெரியும். எஃப்.எஸ்.ஆரைப் போட்டும் பார்த்திருந்தார். “அண்ணா, போட்டால் வேகமும் பெரிதாகக் கூடவில்லை, படமும் கண்ணைக் குத்துகிறது. இது எதற்கும் உதவாது” என்றார்.

வந்த அன்று கண்டது

அவர் விளையாடும் திறந்த உலக விளையாட்டை அவர் வைத்திருந்த அமைப்பிலேயே ஓடவிட்டேன். எஃப்.எஸ்.ஆர். பெர்பார்மன்ஸ் நிலையில் இருந்தது. அதாவது விளையாட்டு 1280×720-இல் வரைகிறது; அதை அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்காக்கி 1440 ஆக்குகிறது. விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுக்கும் ஆன்டி அலயாசிங் அணைக்கப்பட்டிருந்தது. வேகம் கூடட்டும் என்று அணைத்ததாகச் சொன்னார். படம் மங்கலாகிவிட்டதே என்று விளையாட்டின் ஷார்ப்பனிங் அளவை 100-க்கு ஏற்றியிருந்தார். படத்தின்மேல் செயற்கையாகப் புள்ளிகளைத் தூவும் பிலிம் கிரெயின் என்னும் விளைவும் இயங்கிக்கொண்டிருந்தது.

கதாபாத்திரத்தை ஒரு ரயில்வே நடைபாலத்தின்மேல் நிறுத்தினேன். பக்கத்தில் கம்பி வலை. அதற்கு அப்பால் வானத்தின் பின்னணியில் மின்கம்பிகள். நின்றிருக்கும்போதே வலை முழுவதும் எறும்பு ஊர்வதுபோல நெளிந்தது. கேமராவை மெல்லத் திருப்பினால் மின்கம்பி அறுந்து அறுந்து ஒட்டியது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். கம்பி ஒரே கோடாக இல்லை. நீள்வட்ட மணிகளை இடைவெளி விட்டுக் கோத்த கயிறு போல இருந்தது. ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் வெளிறிய ஒளிவளையம்.

இந்த மணிகள் எப்படி வந்தன என்பதுதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி. எஃப்.எஸ்.ஆர். 1 இரண்டு படிகளாக வேலை செய்கிறது. முதல் படி, சுற்றியுள்ள 12 பிக்சல்களைப் பார்த்து விளிம்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணித்து, அந்தத் திசையில் நீட்டிப் பெரிதாக்குகிறது. இரண்டாவது படி கூர்மையாக்குகிறது. விளிம்பு எது என்பதை முதல் படி பிக்சல்களின் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே முடிவு செய்யும். அங்கே இருப்பது கம்பியா, கம்பியின் அறுந்த துண்டா என்று அதற்குத் தெரியாது. ஆன்டி அலயாசிங் இல்லாத 720 படத்தில் மெல்லிய கம்பி ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் விழுந்திருக்கும். அப்ஸ்கேலர் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக மதித்து, அழகாக நீட்டி, மணியாக்கிவிட்டது. பிறகு 100-இல் நின்ற ஷார்ப்பனிங் அவற்றைத் தூக்கிக் காட்டியது. பிலிம் கிரெயினின் புள்ளிகளும் அப்படியே பெரிதாகி, கூர்மையாகி, மணல் தூவியதுபோலத் தெரிந்தன.

ஆனால் அந்த ஒளிவளையம் எனக்கு உறுத்தியது. பெரிதாக்கும் படி, தன் விடையைப் பக்கத்து நான்கு பிக்சல்களின் குறைந்த, கூடிய மதிப்புகளுக்குள் கட்டிவைக்கும். அதனால் அவ்வளவு தடித்த வளையம் அங்கிருந்து வர வாய்ப்பில்லை. ஸ்கிரீன்ஷாட்டை என் கடை மானிட்டரில் திறந்தேன். வளையம் பாதியாகக் குறைந்திருந்தது. அதே கோப்புதான். அப்படியென்றால் மீதிப் பாதி அவருடைய மானிட்டரில்தான் பிறக்கிறது.

விளையாட்டை மூடிவிட்டு, சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்பு எழுத்து உள்ள ஒரு பக்கத்தை அவர் மானிட்டரில் திறந்தேன். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரிந்தது. மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்தப் பட்டியலுக்குள் போய்ப் பார்த்தோம். ஷார்ப்னஸ் 80-இல் இருந்தது. தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பியதும் 50-க்கு வந்தது, வெள்ளைக்கோடு மறைந்தது. இந்த ஏற்பாட்டை வீட்டில் யாரும் தொட்டதில்லை என்றார்கள். காட்சிக்கு வைத்திருந்த மானிட்டராக இருக்கலாம்.

முதலில் தூசி, பிறகுதான் அளவீடு

இந்த நிலையில் எந்த எண்ணையும் நம்ப முடியாது. காரணம் வெப்பம். மாங்கோஹட் என்ற சிறு மென்பொருள் பிரேம் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம், கார்டின் வேகம், வெப்பம், எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பதையெல்லாம் திரையின் மூலையில் காட்டும். அதை வைத்துக்கொண்டு 1440-இலேயே, அப்ஸ்கேலிங் இல்லாமல், அரை மணி நேரம் ஓட்டினேன். தொடக்கத்தில் ஒரு பிரேமுக்கு 30 மில்லி வினாடி. இருபது நிமிடத்தில் அது 35 ஆனது. கார்டின் வேகம் 1340 மெகாஹெர்ட்சிலிருந்து 1150-க்கு இறங்கியிருந்தது. மே மாத வெயில், காற்றோட்டமில்லாத மாடிப்படி அறை, கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தூசி. கார்டின் ஹீட்சிங்கைத் திறந்தபோது துடுப்புகளுக்கு நடுவே கம்பளம் விரித்ததுபோல இருந்தது. சுத்தம் செய்து புதிய தெர்மல் பேஸ்ட் போட்ட பிறகு அரை மணி நேரமும் 30-இலேயே நின்றது.

இதைச் செய்யாமல் அளந்திருந்தால், காலையில் சோதித்த அமைப்பு நல்லதாகவும் மதியம் சோதித்த அமைப்பு மோசமானதாகவும் தெரிந்திருக்கும். அப்ஸ்கேலிங்கால் கிடைக்கும் லாபத்தில் பாதியை வெப்பம் தின்றுவிடும் நிலை அது.

அடுத்து, அதே நடைபாலத்திலிருந்து அதே தெருவழியாக ஒரே பாதையில் நடந்து ஒவ்வொரு நிலையையும் அளந்தோம். குவாலிட்டி நிலையில், அதாவது ஒன்றரை மடங்கு பெரிதாக்கலில், உள்ளே வரையப்படுவது ஏறத்தாழ 1706×960. முழுப் பிக்சல்களில் 44 சதவீதம். அதில் 20 மில்லி வினாடி ஆனது. அதாவது வினாடிக்கு 50 பிரேம். 1.7 மடங்கான பேலன்ஸ்டு நிலையில் 18.4. பெர்பார்மன்ஸ் நிலையில் 18.

மாணவர் குவாலிட்டி, பெர்பார்மன்ஸ் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வரையும் பிக்சல்கள் 44 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைந்தும் இரண்டே மில்லி வினாடிதான் லாபம். விடை மாங்கோஹட் காட்டும் அதே மூலையில் இருந்தது. குவாலிட்டியில் 98 சதவீதம் உழைத்த கார்டு, பெர்பார்மன்ஸில் 76 சதவீதம்தான் உழைத்தது. கார்டு வேலையை முடித்துவிட்டு, பிராசசருக்காகக் காத்திருக்கிறது. உறுதிப்படுத்த, தெருவில் நடமாடும் கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தேன். பிராசசரின் சுமை மட்டும் குறையும் மாற்றம் அது. பெர்பார்மன்ஸில் உடனே 16-க்கு இறங்கியது. குவாலிட்டியில் எண் அசையவே இல்லை. ஆக, இந்தக் கணினியில் இந்த விளையாட்டுக்கு 18 மில்லி வினாடி என்பது பிராசசர் போட்ட தரைமட்டம். அதற்குக் கீழே போக எத்தனை பிக்சல்களைத் தியாகம் செய்தாலும் பயனில்லை. அவர் மூன்று மாதமாகக் கம்பிகளை மணியாக்கிக்கொண்டு வாங்கிய வேகம், குவாலிட்டி நிலையில் ஏறத்தாழ முழுவதுமே கிடைத்திருக்கும்.

அப்ஸ்கேலிங்குக்கே எவ்வளவு செலவாகிறது என்பதையும் பார்த்தோம். எஃப்.எஸ்.ஆரை அணைத்து, விளையாட்டை நேரடியாக 1706×960-இல் ஓட்டினால் 18.8. எஃப்.எஸ்.ஆருடன் 20. இந்தக் கார்டில் அதன் விலை ஒரு மில்லி வினாடிக்குச் சற்று மேல். இந்த விலை பெரும்பாலும் வெளியே வரும் 1440-ஐப் பொறுத்தது. உள்ளே எவ்வளவு சிறிதாக வரைந்தாலும் அது பெரிதாகக் குறையாது.

எடுத்த முடிவுகள்

முதல் விளையாட்டில் குவாலிட்டி நிலையை எடுத்துக்கொண்டோம். அணைத்திருந்த ஆன்டி அலயாசிங்கைத் திரும்பப் போட்டோம். இந்த விளையாட்டில் இருப்பது டி.ஏ.ஏ. என்ற வகை, முந்தைய பிரேம்களின் தகவலைச் சேர்த்து விளிம்புகளை மழுக்குவது. அதற்கு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான செலவுதான். எஃப்.எஸ்.ஆர். 1 எதிர்பார்ப்பதும் இதைத்தான்: விளிம்புகள் ஏற்கெனவே வழுவழுப்பாக இருக்கும் படம் உள்ளே வர வேண்டும். பிலிம் கிரெயினை அணைத்தோம். கிரெயின் வேண்டுமென்றால் அதைப் பெரிதாக்கிய பிறகு தூவுவதே முறை. இந்த விளையாட்டு முன்னாலேயே தூவிவிடுகிறது.

டி.ஏ.ஏ. போட்டதும் மாணவர் முகம் சுளித்தார். “மங்கிவிட்டதே அண்ணா.” உண்மைதான், நின்ற படத்தில் மங்கல் தெரிந்தது. கையை ஷார்ப்பனிங் பக்கம் கொண்டுபோனார். அங்கேதான் நான் நிறுத்தினேன். மானிட்டரைத் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவிட்டு, விளையாட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு ஷார்ப்பனிங்கை மட்டும் வைத்து, 20, 45, 70 என மூன்று அளவுகளில் சோதிப்பது என்று முடிவு செய்தோம்.

அவருடைய தங்கையை வரச் சொன்னோம். எந்த அளவு எது என்று சொல்லாமல், முதலில் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டினேன். அவள் 70-ஐத் தேர்ந்தெடுத்தாள். மாணவரும் அதையே சொன்னார். பிறகு மூன்றையும் ஓடவிட்டு, தெருவில் நடந்து காட்டினேன். இப்போது இருவருமே 45 என்றார்கள். 70-இல் மரத்தின் இலைகள் நடக்கும்போது மினுக்கின. நின்ற படத்தில் கூர்மை ஜெயிக்கும், அசையும் படத்தில் அதே கூர்மை நடுங்கும். இதை நான் பல கணினிகளில் பார்த்திருக்கிறேன்; ஆனால் ஒரே மேசையில், ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் மனம் மாறியதைப் பார்த்தது இதுவே முதல் முறை. 45-இல் நிறுத்தினோம்.

எஃப்.எஸ்.ஆர். இல்லாத பழைய விளையாட்டு

தங்கை விளையாடும் கார் பந்தயம் ஏறத்தாழ பத்தாண்டுப் பழையது. அதில் எந்த அப்ஸ்கேலிங்கும் இல்லை. இதற்கு லினக்ஸில் கேம்ஸ்கோப் உதவுகிறது. விளையாட்டைத் தனக்குள் ஒரு சிறிய திரையில் ஓடவிட்டு, வரும் படத்தைப் பெரிதாக்கி மானிட்டருக்கு அனுப்பும் கருவி அது. மாணவர் ஏற்கெனவே அதை வைத்திருந்தார். அவர் எழுதியிருந்த வரியில் `--sharpness 0` என்று இருந்தது. “இதில் ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டேன், அப்படியும் கரகரவென்று இருக்கிறது” என்றார்.

அங்கேதான் பொறி. கேம்ஸ்கோப்பில் 0 என்பது உச்சக் கூர்மை. 20 என்பது மிகக் குறைவு. எஃப்.எஸ்.ஆரின் கூர்மை அளவே அப்படித் தலைகீழாகத்தான் எண்ணப்படுகிறது. 10-க்கு வந்தால் உச்சத்தில் பாதி, 20-க்கு வந்தால் கால் பங்கு. 20-இலும் அது முற்றாக அணைவதில்லை. விளையாட்டின் பட்டியலில் 100 உச்சம், இங்கே 0 உச்சம். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடுகிறவர் குழம்புவது இயல்பு.

ஸ்டீமில் அந்த விளையாட்டின் தொடக்க வரியை இப்படி மாற்றினோம்:

```
gamescope -w 1706 -h 960 -W 2560 -H 1440 -F fsr --sharpness 12 -f --mangoapp -- %command%
```

சிறிய `-w`, `-h` விளையாட்டு வரையும் அளவு. பெரிய `-W`, `-H` மானிட்டரின் அளவு. இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் பெரிதாக்க எதுவும் இருக்காது. விளையாட்டின் உள்பட்டியலிலும் 1706×960 தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பழைய விளையாட்டில் 4 மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. இருந்தது. பொருள்களின் வெளிவிளிம்புகளை நன்றாக மழுக்கும் பழைய முறை. அதைப் போட்டதும் எஃப்.எஸ்.ஆரின் கையில் சுத்தமான விளிம்புகள் கிடைத்தன. சாலையோரத் தடுப்புக் கம்பிகள் முதல் விளையாட்டில் கண்டதைவிட அழகாக வந்தன.

ஆனால் சாலையின் மேற்பரப்பு குழைந்து தெரிந்தது. தார் மணல்மணலாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசியதுபோல இருந்தது. இது அப்ஸ்கேலரின் குற்றமில்லை. ஒவ்வொரு மேற்பரப்புப் படத்துக்கும் பெரிது, சிறிது என்று பல பிரதிகள் இருக்கும்; திரையின் பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து எதை எடுப்பது என்று கார்டு முடிவு செய்யும். 960-இல் வரைகிறோம் என்பதால் அது 960-க்கு ஏற்ற சிறிய பிரதியை எடுக்கிறது. படம் பிறகு 1440 ஆகப்போகிறது என்று அதற்குத் தெரியாது. எஃப்.எஸ்.ஆரைத் தனக்குள்ளேயே முறையாகச் சேர்த்துக்கொண்ட விளையாட்டு இதைத் தானே சரிசெய்துகொள்ளும். வெளியிலிருந்து பெரிதாக்கும்போது நாம்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய எண், பெரிதாக்கும் மடங்கின் இரண்டடிமான மடக்கையின் எதிர்மறை. ஒன்றரை மடங்குக்கு அது −0.58. விளையாட்டு விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 11 வகை. லினக்ஸில் அதை மொழிபெயர்த்து ஓட்டுவது டி.எக்ஸ்.வி.கே. என்பதால், விளையாட்டின் கோப்புறையில் `dxvk.conf` என்ற கோப்பை உருவாக்கி இந்த ஒரே வரியை எழுதினோம்:

```
d3d11.samplerLodBias = -0.58
```

தார்ச்சாலைக்குத் தாரின் தோற்றம் திரும்பியது. மாணவர் உற்சாகத்தில் −1.5 போட்டுப் பார்த்தார். தூரத்துச் சாலை உடனே கொதிநீர்போல மினுமினுத்தது. −0.58-க்கே திரும்பினார்.

மிஞ்சியது, வேகமானி எண்களும் வரைபடத்தின் சிறு எழுத்துகளும். முதல் விளையாட்டில் இவை பெரிதாக்கிய பிறகு முழு 1440-இல் வரையப்படுவதால் கூர்மையாக இருந்தன. கேம்ஸ்கோப்போ முடிந்த படத்தை மொத்தமாகப் பெரிதாக்குகிறது. எழுத்தும் படத்தோடு சேர்ந்து வீங்குகிறது. இதை நீக்க வழியில்லை. விளையாட்டின் அமைப்பில் எழுத்தளவை 125 சதவீதமாக்கினோம். ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதல் பிக்சல்கள் கிடைத்ததால் படிக்க முடிந்தது.

என்.ஐ.எஸ்.ஸையும் ஒப்பிட்டோம். கேம்ஸ்கோப்பில் ஓடும்போதே விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள சூப்பர் பொத்தானுடன் `U` அழுத்தினால் எஃப்.எஸ்.ஆர்., `Y` அழுத்தினால் என்.ஐ.எஸ். என்விடியா எழுதிய முறை ஏ.எம்.டி. கார்டில் சிக்கலின்றி ஓடியது. எண்களும் எழுத்துகளும் என்.ஐ.எஸ்.ஸில் சற்றுத் தெளிவு. சாய்ந்த கம்பிகளும் சாலைக் கோடுகளும் எஃப்.எஸ்.ஆரில் சீர். பந்தயத்தில் கண் சாலைமேல்தான் இருக்கும் என்று தங்கை எஃப்.எஸ்.ஆரையே வைத்துக்கொண்டாள்.

பின்னர் நடந்தது

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். முதல் விளையாட்டு 19-க்கும் 22-க்கும் இடையில் நின்றது. மதிய வெயிலிலும் கார்டின் வேகம் இறங்கவில்லை. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார்கள். கார் பந்தயம் 1440-இல் நேரடியாக ஓடியபோது நெரிசலான வளைவுகளில் 40 பிரேமுக்கு விழும். இப்போது 60-இல் நின்றது.

நடைபாலத்துக் கம்பி வலை மட்டும் முழுமையாகச் சரியாகவில்லை. நிற்கும்போது ஊர்வது நின்றுவிட்டது. ஓடும்போதும் மழைக் காட்சியிலும் இன்னும் நெளிகிறது. வலையின் இழை ஒரு பிக்சலைவிட மெல்லியது. உள்ளே வரையும்போதே விழாத இழையை ஒரே பிரேமைப் பார்க்கும் எந்த முறையும் கொண்டுவர முடியாது. பல பிரேம்களைச் சேர்த்துப் பார்க்கும் எஃப்.எஸ்.ஆர். 2 இதில் மேம்பட்டது. அதற்கும் தனி வன்பொருள் தேவையில்லை. ஆனால் பொருள்கள் எத்திசையில் நகர்கின்றன என்ற தகவலை விளையாட்டே கொடுக்க வேண்டும் என்பதால் கேம்ஸ்கோப்பைப் போல வெளியிலிருந்து மாட்ட முடியாது. இந்த விளையாட்டில் அது இல்லை.

மாணவர் இடையில் ஒரு மாற்றம் செய்திருந்தார். மெதுவாக நகரும் கதை விளையாட்டு ஒன்றுக்கு 1.3 மடங்கான அல்ட்ரா குவாலிட்டியை எடுத்திருந்தார். 40 பிரேம்தான், ஆனால் முகங்களும் துணிகளும் நன்றாகத் தெரிகின்றன என்றார். ஷார்ப்பனிங் 30. நான் சொல்லிக்கொடுத்து அல்ல. அவரே நடந்து பார்த்து வைத்த எண்.

புது கார்டு பேச்சு அப்போதைக்கு நின்றது. அப்பா தேநீர் கொடுத்துவிட்டு, திரையைப் பார்த்து “வலை இன்னும் ஆடுகிறதே தம்பி” என்றார். ஆடுகிறதுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே மானிட்டரின் ஷார்ப்னஸைப் பார்ப்பேன். சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்து நோக்க இரண்டு நிமிடம் போதும். இங்கே நான் அதைத் தாமதமாகச் செய்ததால், முதல் ஒரு மணி நேரம் எஃப்.எஸ்.ஆரின் கூர்மையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக வீணானது.

பிராசசர் போடும் தரைமட்டத்தையும் முதலிலேயே அளப்பேன். பெர்பார்மன்ஸ் நிலையைப் போட்டு, கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று ஒரு பார்வை. அது 90-க்குக் கீழே இருந்தால் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. மேலே ஏறி, கார்டு முழுமையாக உழைக்கத் தொடங்கும் இடத்தில் நிற்கலாம்.

கேம்ஸ்கோப்பைத் தொடும் ஒவ்வொருவரிடமும் 0 என்பது உச்சம் என்பதை வாயால் சொல்லி, அவர்கள் கையாலேயே 0-வும் 20-உம் போட்டுப் பார்க்க வைப்பேன்.

இந்த வீட்டார் பிப்ரவரியில் மானிட்டர் வாங்குமுன் என்னிடம் வந்திருந்தால், 24 அங்குல 1080 மானிட்டரைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். அதில் இந்தக் கார்டு 1.3 மடங்கு அல்ட்ரா குவாலிட்டியில் 1477×831 வரைந்தாலே போதும். நாங்கள் இப்போது 1440-க்காக வரைவது 16 லட்சம் பிக்சல். அங்கே அது ஏறத்தாழ 12 லட்சம். பெரிதாக்கும் மடங்கும் குறைவு. நடைபாலத்துக் கம்பி வலை அதிலும் ஓரளவு ஆடத்தான் செய்யும். ஆனால் மானிட்டருக்குக் கொடுத்த கூடுதல் பணம் மிஞ்சியிருக்கும், கார்டு மாற்றும் நாளுக்கு அது உதவியிருக்கும்.